வாட்டர்மார்க்குக்கு அடியில் ஓவியம் இருக்கிறது

டேப்லெட்டில் வரைந்து இணையத்தில் படம் போடுகிறவர்கள், படத்தின் குறுக்கே தங்கள் பெயரை வெளிர் எழுத்தில் போட்ட பிறகே வெளியிடுகிறார்கள். யாரும் எடுத்து அச்சடித்து விற்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பெயர் இல்லாத சுத்தமான படம் கணினியில் பத்திரமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் செய்வது. பிறகு ஒருநாள் ஹார்டு டிஸ்க் செயலிழக்கிறது, அல்லது டேப்லெட்டைப் பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் எல்லாவற்றையும் அழித்துத் தருகிறார்கள். லேயர் லேயராக வரைந்த மூலக் கோப்பு போய், குறுக்கே பெயர் ஓடுகிற ஒரு ஜேபெக் படம் மட்டும் மிஞ்சுகிறது. பதிப்பாளர் ஒருவர் அந்தப் படத்தைக் கேட்கும்போதுதான் இழப்பின் அளவு தெரியவரும்.

எனக்குப் பழக்கமான இளம் ஓவியர் ஒருத்திக்கு நடந்தது இதுதான். தெருக்கூத்துக் கலைஞர் ஒருவரின் முகத்தை அவள் வரைந்திருந்தாள். சிவப்பு அரிதாரம், கறுப்பு மை தீட்டிய புருவம், கண்ணாடித் துண்டுகள் பதித்த கிரீடம், பின்னால் ராத்திரியின் இருட்டு. வலது மேல் மூலையிலிருந்து இடது கீழ் மூலை வரை அவள் பெயர் வெள்ளை எழுத்தில் ஓடியது. கன்னத்தைக் கடந்து, ஒரு கண்ணைத் தொட்டு, இருட்டுக்குள் முடிந்தது. 4000-க்கு 5000 பிக்சலில் வரைந்த படத்தில் அவளிடம் மிஞ்சியது, தன் பக்கத்திலிருந்து அவளே இறக்கிக்கொண்ட 1080-க்கு 1350 பிக்சல் பிரதி.

இந்த நிலையில் பெரும்பாலானவர்கள் முதலில் எடுப்பது ஃபோட்டோஷாப்பின் குளோன் ஸ்டாம்பை, அல்லது ஃபோனில் விரலால் தேய்த்தால் எழுத்து மறைகிற ஏதாவது ஒரு கருவியை. எழுத்து மறைவது உண்மைதான். ஆனால் இந்தக் கருவிகள் எல்லாம் எழுத்து இருக்கும் இடத்தை வெற்றிடமாக எடுத்துக்கொண்டு, அக்கம்பக்கத்து நிறத்தைப் பார்த்து ஊகித்து நிரப்புகின்றன. 2000-இல் பெர்டால்மியோ, சாபிரோ முதலானோர் கணினிக்குக் கொண்டுவந்த இந்த முறை, அருங்காட்சியகங்களில் உதிர்ந்துபோன ஓவியத்துக்கு வண்ணம் நிரப்புகிறவர்களின் வேலையைப் பார்த்து உருவானது. 2010-இல் ஃபோட்டோஷாப்பில் Content-Aware Fill வந்த பிறகு எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. வானம், சுவர், மணல் போன்ற இடங்களில் ஊகம் பொருந்திப் போகும். புருவத்தின் வளைவிலும் அரிதாரத்தின் தூரிகைத் தடத்திலும் பொருந்தாது. அங்கே கிடைப்பது, அவள் வரையாத ஒரு கன்னம்.

அந்த வெள்ளை எழுத்து ஓவியத்தை மூடவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எழுத்துக்கு ஊடாகப் படம் நம் கண்ணுக்கே தெரிகிறது. தெரிகிறது என்றால் அந்த இடத்தில் ஓவியத்தின் நிறம் இன்னும் கோப்புக்குள் இருக்கிறது. வெள்ளையோடு கலந்து இருக்கிறது. எவ்வளவு வெள்ளை சேர்ந்தது என்று தெரிந்தால், அதைக் கழித்துப் பழைய நிறத்தைக் கணக்காகவே திரும்ப எடுத்துவிடலாம். ஊகத்துக்கு வேலை இல்லை. திருடுகிறவனிடம் இல்லாத ஒன்று இந்த வேலையில் ஓவியரிடம் இருக்கிறது: அந்த வாட்டர்மார்க்கே அவருடையது. எந்த எழுத்துரு, எந்த அளவு, எத்தனை சதவீதம் என்பது அவர் ஃபோனிலேயே எங்கோ சேமித்துக் கிடக்கும்.

கணக்குக்குப் போகும் முன்னால் ஒரு தேடல் பாக்கி இருக்கிறது. சுத்தமான பிரதி வேறெங்காவது இருந்தால் இத்தனை பாடும் தேவையில்லை. வாடிக்கையாளருக்கு அனுப்பிய மின்னஞ்சலின் Sent பகுதியைப் பார்க்க வேண்டும். ஆண்ட்ராய்டு ஃபோனில் வாட்ஸ்அப் நாம் அனுப்பிய படங்களை WhatsApp Images என்ற ஃபோல்டருக்குள் Sent என்று தனியாக வைத்திருக்கும். கூகுள் டிரைவில் அழித்த கோப்பு குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். எஸ்டி கார்டிலோ பழைய வகை ஹார்டு டிஸ்கிலோ அழிந்ததை PhotoRec என்ற இலவசக் கருவி பல நேரம் தேடி எடுத்துவிடுகிறது. அந்தக் கார்டில் மேற்கொண்டு எதையும் எழுதாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எஸ்எஸ்டியாக இருந்தால் நம்பிக்கை குறைவு. அழித்த இடத்தை அது தானாகவே துடைத்து வைத்துவிடும்.

பலரும் மறந்துவிடுகிற இடம் இன்னொன்று உண்டு. வரைவதை வேக வீடியோவாகப் பதிவு செய்து போடுகிற பழக்கம் இப்போது பரவலாக இருக்கிறது. புரோகிரியேட் அதைத் தானாகவே பதிந்துகொள்கிறது. அந்த வீடியோவின் கடைசிக் காட்சியில் முழு ஓவியமும் வாட்டர்மார்க் இல்லாமல் இருக்கும், ஏனென்றால் பெயரைப் போடுவது எல்லாம் முடிந்த பிறகு. அளவு சிறியதாகவும் வீடியோவின் அழுத்தத்தால் மங்கியும் இருக்கலாம். இருந்தாலும் எழுத்து மறைத்த இடத்தில் என்ன இருந்தது என்பதற்கு அது கண்கண்ட சாட்சி. அவளிடம் வீடியோ இல்லை. கணக்குக்குத்தான் வர வேண்டியிருந்தது.

கணினியில் ஒவ்வொரு பிக்சலின் நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. மூன்றும் 0 என்றால் கறுப்பு, மூன்றும் 255 என்றால் வெள்ளை. அவள் வரைந்த கன்னத்தில் ஒரு புள்ளியின் சிவப்பு 180, பச்சை 40, நீலம் 30 என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 40 சதவீத ஒபாசிட்டியில் வெள்ளை எழுத்து விழுகிறது. பழைய நிறத்தில் 60 சதவீதமும் வெள்ளையில் 40 சதவீதமும் சேர்ந்து புது நிறம் பிறக்கிறது. வெள்ளையின் பங்கு எப்போதும் 255-இல் 40 சதவீதம், அதாவது 102. சிவப்பு 108-உம் 102-உம் சேர்ந்து 210 ஆகிறது. பச்சை 24-உம் 102-உம் சேர்ந்து 126. நீலம் 18-உம் 102-உம் சேர்ந்து 120. நாம் பார்க்கிற வெளிறிய ரோஜா நிறம் இதுதான்.

திரும்பி வரும் வழியும் அதே கணக்கு. 210-இலிருந்து 102-ஐக் கழித்து 0.6-ஆல் வகுத்தால் 180. 126-இல் கழித்து வகுத்தால் 40. 120-இல் கழித்து வகுத்தால் 30. வரைந்தபோது அவள் தேர்ந்தெடுத்த அதே சிவப்பு, எண் மாறாமல் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குக்கு மேல் இதில் எதுவும் இல்லை.

சதவீதம் மறந்துபோயிருந்தால் படமே அதைச் சொல்லும். எழுத்தின் ஓரம் ஒரே நிறமான பரப்பின்மேல் விழுந்திருக்கும் இடத்தைத் தேட வேண்டும். அவள் படத்தில் அந்த இடம் பின்னணி இருட்டு. எழுத்துக்கு வெளியே சிவப்பின் எண் 20, எழுத்துக்கு உள்ளே 114. இரண்டுக்கும் இடைவெளி 94. வெள்ளையாகவே மாறியிருந்தால் இடைவெளி 255 கழித்தல் 20, அதாவது 235 ஆகியிருக்கும். 94-ஐ 235-ஆல் வகுத்தால் 0.4. ஆக 40 சதவீதம். ஒரே ஒரு பிக்சலை நம்பி இதைச் செய்யக் கூடாது. ஜேபெக் படத்தில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களே இரண்டு மூன்று எண் முன்பின்னாக இருக்கும் என்பதால், ஐட்ராப்பர் கருவியை 11-க்கு 11 சராசரி என்று வைத்துக்கொண்டு தொட வேண்டும்.

எழுத்து முழுவதும் ஒரே சதவீதமாக இருந்தால் இது போதும். ஆனால் எழுத்தின் விளிம்பு வழவழப்பாகத் தெரிவதற்காக, ஓரத்துப் பிக்சல்கள் 40-லிருந்து படிப்படியாக இறங்கி 0-க்கு வரும். எழுத்துக்கு நிழல் வைத்திருந்தால் கறுப்பும் கலந்திருக்கும். ஒவ்வொரு பிக்சலுக்கும் தனித்தனிக் கணக்கு வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. எனக்குத் தெரிந்து இந்த வேலையில் இதைவிடப் பயனுள்ள ஒன்று இல்லை.

மூல ஓவியம் இருந்த அதே அளவில், 4000-க்கு 5000 பிக்சலில், இரண்டு வெறும் படங்களை உருவாக்க வேண்டும். ஒன்று முழுக் கறுப்பு, இன்னொன்று முழு வெள்ளை. பெயர் போடப் பயன்படுத்திய அதே செயலியில் அதே வாட்டர்மார்க்கை அதே அமைப்பில் இரண்டின்மேலும் போட்டுச் சேமிக்க வேண்டும். கறுப்புத் தட்டில் தெரிவதெல்லாம் வாட்டர்மார்க் எவ்வளவு சேர்த்தது என்பதன் பதிவு. எழுத்தின் நடுவில் அங்கே 102 இருக்கும். கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவே முதலில் 255 இடைவெளி இருந்தது. வாட்டர்மார்க் விழுந்த இடத்தில் அது சுருங்கிவிடுகிறது. எழுத்தின் நடுவில் வெள்ளைத் தட்டு 255, கறுப்புத் தட்டு 102, இடைவெளி 153. 153-ஐ 255-ஆல் வகுத்தால் 0.6. அதாவது ஓவியத்தில் எவ்வளவு மிஞ்சியது என்பதையும் இந்த இரண்டு தட்டுகள் சொல்லிவிடுகின்றன. விளிம்பும் நிழலும் எப்படி இருந்தாலும், எழுத்து எந்த நிறமானாலும், ஒவ்வொரு பிக்சலுக்கும் விடை தட்டுகளிலேயே இருக்கிறது.

இணையத்தில் ஏற்றும்போது படம் 1080-க்கு 1350 ஆகச் சுருங்கியது அல்லவா? தட்டுகளையும் பெரிய அளவில் செய்துவிட்டு அதே அளவுக்குச் சுருக்க வேண்டும். நேரடியாகச் சிறிய அளவில் செய்தால் எழுத்தின் அளவும் இடமும் ஒத்துவராது. படத்தை வாட்ஸ்அப் வழியாக அனுப்பிய பிரதிதான் மிஞ்சியிருக்கிறது என்றால், தட்டுகளையும் அதே வழியாக ஒருமுறை அனுப்பிப் பார்த்து, எந்த அளவுக்குச் சுருங்குகின்றன என்று தெரிந்துகொள்ளலாம்.

ஃபோட்டோஷாப்பில் செய்கிறவர்கள் முதலில் வெள்ளைத் தட்டின்மேல் கறுப்புத் தட்டை Subtract முறையில் வைத்து ஒன்றாக்கி, ‘இடைவெளித் தட்டு’ ஒன்றைத் தயாரித்துக்கொள்ள வேண்டும். பிறகு ஓவியத்தைத் திறந்து 16 பிட்டுக்கு மாற்றி, அதன்மேல் கறுப்புத் தட்டை Subtract முறையிலும், அதற்கும் மேலே இடைவெளித் தட்டை Divide முறையிலும் வைத்தால் எழுத்து மறைந்துவிடும். ஜிம்ப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2.10 பதிப்பு முதல் அதன் இயல்பான லேயர் கலவை இந்த எண்களில் நடக்காமல் ஒளியின் அளவில் நடக்கிறது. ஃபோன் செயலிகள் எண்களில் கலந்த படத்தை அப்படிப் பிரித்தால் கணக்கு ஒத்துவராது. பைத்தான் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் இந்தச் சில வரிகள் போதும்:

```python
import numpy as np
from PIL import Image

def load(p):
    return np.asarray(Image.open(p).convert("RGB")).astype(float)

I = load("post.jpg")
B = load("black.png")
W = load("white.png")

D = np.clip(W - B, 25, 255)
out = np.clip((I - B) * 255 / D, 0, 255)
Image.fromarray(out.round().astype("uint8")).save("clean.png")
```

எழுத்து இல்லாத இடங்களில் கறுப்புத் தட்டு 0, வெள்ளைத் தட்டு 255 என்பதால் அங்கே படம் துளியும் மாறாது. குளோன் ஸ்டாம்ப் வேலையில் இந்த உத்தரவாதம் கிடைக்காது. தூரிகை கொஞ்சம் விலகினாலும் நல்ல இடமும் கெடும்.

முதல் முறையே சுத்தமாக வந்துவிடாது. எது தவறியது என்பதை மிஞ்சுகிற தடத்தை வைத்தே கண்டுபிடிக்கலாம். எழுத்தின் உள்பகுதி முழுவதும் இன்னும் கொஞ்சம் வெளிறியே தெரிந்தால், போட்ட சதவீதம் உண்மையைவிடக் குறைவு. எழுத்து இருந்த இடம் சுற்றுப்புறத்தைவிடக் கறுத்துப்போனால், சதவீதம் அதிகம். உள்ளே நிறம் சரியாக இருந்து, ஒவ்வோர் எழுத்தின் ஒரு பக்க ஓரம் பளிச்சென்றும் எதிர்ப் பக்க ஓரம் இருண்டும், கல்லில் வெட்டிய எழுத்தின்மேல் சாய்வெயில் பட்டதைப் போலத் தெரிந்தால், தட்டு இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அரை பிக்சல் விலகினாலே இது தெரியும். எந்தப் பக்கம் பளிச்சிடுகிறதோ அந்தப் பக்கமாகத் தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பார்க்க வேண்டும். வெள்ளை எழுத்தானால், பளிச்சிடும் ஓரம் என்பது கழிக்காமல் விட்டுப்போன வெள்ளை.

இவற்றை எல்லாம் சரிசெய்த பிறகும் அவள் படத்தில் ஒரு தடம் நின்றது. இருட்டுப் பின்னணியில் எழுத்து இருந்த இடத்தில் மட்டும் சின்னச் சின்னச் சதுரங்களாகப் புள்ளிகள். இது ஜேபெக்கின் வேலை. ஜேபெக் படத்தை 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குப் பெரிதாகப் படாத நுணுக்கங்களைக் கழித்துவிடுகிறது. அதனால் ஒவ்வோர் எண்ணும் கொஞ்சம் பிசகியிருக்கும். 126 என்று இருக்க வேண்டியது 129 ஆகியிருந்தால், கணக்கில் திரும்பி வருவது 40-க்குப் பதில் 45. மூன்று எண் பிசகு ஐந்தாகப் பெருகிவிட்டது. வெளிச்சமான கன்னத்தில் ஐந்து எண் தெரியாது. இருட்டில் தெரியும்.

வாட்டர்மார்க் எவ்வளவு அழுத்தமோ அந்த அளவுக்கு இந்தப் பெருக்கமும் கூடும். 80 சதவீத எழுத்தானால் 0.2-ஆல் வகுக்க வேண்டிவரும். அப்போது அதே மூன்று எண் பிசகு பதினைந்தாகிவிடும். அங்கே மிஞ்சுவது படத்தின் நிழல்தான். 100 சதவீத எழுத்துக்கு அடியில் எதுவுமே இல்லை, எந்தக் கணக்கும் அதைத் தராது. என் அனுபவத்தில் 50 சதவீதம் வரை மனம் நிறைவாக வரும். 70-ஐத் தாண்டினால், கணக்கில் கிடைப்பதை மேலே வைத்து மறுபடி வரைவதற்கான கோட்டோவியமாக மட்டும் பயன்படுத்துவது நல்லது.

இருட்டுப் பகுதியில் இருந்த புள்ளிகளுக்கு வழி எளிது. எழுத்து இருந்த இடத்தை மட்டும் தேர்வு செய்து, அதற்குள் இலேசாக மங்கலாக்கி, சுற்றியுள்ள பரப்பில் இருக்கிற அதே அளவு மணலைத் தூவிவிட வேண்டும். மணல் தூவாமல் விட்டால் அந்த இடம் மட்டும் மெழுகு தடவியது போல வழுக்கிக்கொண்டு நிற்கும். அச்சில் அது எழுத்தின் வடிவத்தையே திரும்பக் காட்டிவிடும்.

எழுத்தின் ஓரத்தில் ஒன்றிரண்டு பிக்சல் அகலத்துக்கு ஒரு நிறக்கோடு மிஞ்சும். ஜேபெக்கில் பெரும்பாலும் வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடும் நிறத்தைப் பாதி நுணுக்கத்தோடும் சேமிப்பதால், எழுத்தின் வெளிறல் விளிம்பைத் தாண்டிக் கசிந்திருக்கும். படத்தைச் சுருக்கியபோதும் விளிம்பில் அக்கம்பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றோடொன்று கலந்திருக்கும். அந்தக் கலவையைத் தட்டுகளால் முழுவதும் பிரிக்க முடியாது. குளோன் ஸ்டாம்புக்கும் ஹீலிங் பிரஷ்ஷுக்கும் இப்போதுதான் வேலை. முன்பு ஒரு விரல் அகல எழுத்து முழுவதையும் அவை ஊகிக்க வேண்டியிருந்தது. இப்போது இரண்டு பக்கமும் சரியான நிறம் இருக்க, நடுவே ஒரு முடி அகலக் கோட்டை மட்டும் நிரப்புகின்றன. அந்த அளவில் ஊகம் தப்புவதில்லை.

கண்ணின் மேல் எழுத்து ஏறியிருந்த இடத்தை மட்டும் அவள் தொட விடவில்லை. “அக்கா, கண்ணை மட்டும் மெஷின் கிட்ட விடாதீங்க, நானே வரையறேன்” என்றாள். அவள் சொன்னது சரி. கணக்கு திரும்பத் தந்த கண் கிட்டத்தட்ட முழுதாகவே இருந்தது. ஆனாலும் மைக்கோட்டின் நுனியில் ஒரு தடுமாற்றம் தெரிந்தது. புது லேயர் ஒன்றை மேலே வைத்து, கீழே தெரிகிற கோட்டின்மேலேயே மையை இழுத்து முடித்தாள். அது அவளுடைய ஓவியம் என்பதால் அவள் வரைந்தால் அது திருத்தம் ஆகாது, அசலின் தொடர்ச்சிதான். வேறு யார் வரைந்திருந்தாலும் அது இன்னொருவரின் கை.

அந்தச் செயலியே இப்போது இல்லை, எந்த எழுத்துரு என்பதும் நினைவில்லை என்றால் என்ன செய்வது? ஒரே வாட்டர்மார்க்கை ஒரே இடத்தில் போட்டு வெளியிட்ட பழைய படங்கள் பல இருக்குமே, அவையே உதவும். 2017-இல் கூகுள் ஆய்வாளர்களான டாலி டெகெல், மைக்கேல் ரூபின்ஸ்டீன், சே லியு, வில்லியம் ஃப்ரீமேன் ஆகியோர் சிவிபிஆர் மாநாட்டில் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒரே அளவுள்ள நிறையப் படங்களை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கிச் சராசரி எடுத்தால், படங்கள் வெவ்வேறு என்பதால் அவை எல்லாம் கரைந்து சாம்பல் நிறப் பரப்பாகிவிடும். எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கிற வாட்டர்மார்க் மட்டும் தனித்து எழுந்து நிற்கும். அதன் வடிவம் கிடைத்துவிட்டால், இருண்ட படங்களிலும் வெளிச்சமான படங்களிலும் அது எப்படி விழுந்திருக்கிறது என்று பார்த்துக் கறுப்பு, வெள்ளைத் தட்டுகளை நாமே கட்டிவிடலாம்.

வாட்டர்மார்க் எவ்வளவு பலவீனமானது என்று எச்சரிப்பதற்காகத்தான் அந்த ஆய்வு வெளியிடப்பட்டது. ஒவ்வொரு படத்திலும் வாட்டர்மார்க்கின் வடிவத்தைக் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைத்து வைத்தால் இந்த முறை சறுக்கும் என்பதையும் அவர்கள் சேர்த்தே சொன்னார்கள். சதவீதத்தை மட்டும் மாற்றுவது அந்த அளவு பாதுகாப்பு தராது. அடுத்த படங்களை வெளியிடும்போது ஓவியர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய செய்தி இது. கூடவே, அப்படி வளைத்துப் போட்டால், எந்தப் படத்துக்கு எந்த வளைவு என்ற தட்டைத் தனியாகச் சேமித்து வைக்கவும் வேண்டும்.

இத்தனையும் நம் ஓவியத்துக்கு மட்டும்தான். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தத்தோடு சேர்ந்த 65பி பிரிவு, உரிமையாளரைக் காட்டும் தகவலை அதிகாரமில்லாமல் தெரிந்தே நீக்குவதைக் குற்றமாக்கியிருக்கிறது. இரண்டு ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. உரிமையாளரே தன் பெயரை நீக்கினால் அது பொருந்தாது. ஆனால் வரைந்தவர் எல்லாச் சமயத்திலும் உரிமையாளர் அல்லர். அதே சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இடத்தில் அந்த வேலையின் பகுதியாக வரைந்தது, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதலாளிக்குச் சொந்தம். ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு வரைந்து தந்த ஓவியமும் உருவப்படமும் அப்படியே, கேட்டவருக்குப் போகும். பழைய கடிதங்களில், ரசீதுகளில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். படத்துக்குள் வைத்த பின்னணி வேறொரு படவங்கியின் வாட்டர்மார்க்கோடு இருந்தால், அதை நீக்க நமக்கு உரிமை இல்லை. முன்பு வாங்கிய அந்தப் படத்தை அங்கிருந்தே மறுபடி இறக்கிக்கொள்வதே நேர்மையான வழி.

நீக்கிய பிறகு வாட்டர்மார்க் உள்ள பழைய பிரதியை அழித்துவிடக் கூடாது. அந்த நாளில் அந்தப் பெயரோடு வெளியானதற்கு அதுதான் சான்று. மூலக் கோப்பு இல்லாத நிலையில் வேறு சான்று இருக்காது. சுத்தமாக்கிய படத்தை ஜேபெக்காகச் சேமிக்காமல் பிஎன்ஜியாகவோ டிஃப்பாகவோ வைக்க வேண்டும். இல்லாவிட்டால் 8-க்கு 8 கட்டங்கள் இன்னொரு முறை விழும். இரண்டு தட்டுகளையும் அதே ஃபோல்டரில் போட்டு வைத்தால், அதே காலத்தில் வெளியிட்ட மற்றப் படங்களுக்கும் அவையே பயன்படும்.

மிச்சமிருந்த கேள்வி அளவு. எழுத்தை நீக்கினாலும் 1080 பிக்சல் 1080 பிக்சல்தான். நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும். 1080-ஐ 300-ஆல் வகுத்தால் 3.6 அங்குலம், சுமார் 9 சென்டிமீட்டர் அகலம். உயரம் 4.5 அங்குலம். பதிப்பாளர் முதலில் அட்டைப்படமாகப் போட நினைத்திருந்தார். அந்த அளவுக்குப் பெரிதாக்கினால் கிரீடத்தின் கண்ணாடித் துண்டுகள் எல்லாம் பஞ்சாகத் தெரியும் என்று சோதனைத் தாளில் அடித்துக் காட்டியபோது அவரே ஒப்புக்கொண்டார். படம் உள்பக்கத்தில் 9 சென்டிமீட்டர் அகலத்தில் போவதாக முடிவானது. அட்டைக்கு, மீட்ட படத்தைக் கீழே வைத்து, அதே முகத்தை 4000 பிக்சலில் அவள் மறுபடி வரையத் தொடங்கியிருக்கிறாள்.